பாண்ட் 401கே-யில், பங்கு வெளிக்கணக்கில்: இந்த மாற்றத்தால் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

மழைமேகம்

வணக்கம். அமெரிக்காவில் வரி கட்டும் நம்மவர்களுக்கான கேள்வி இது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 44 வயது. மனைவியும் நானும் சேர்ந்துதான் வரிப் படிவம் போடுகிறோம், ஃபெடரல் வரி 22 சதவீதப் படியில் இருக்கிறோம். சேமிப்பு மூன்று இடத்தில் கிடக்கிறது. சாதாரண 401கே-யில் 4,00,000 டாலர், ரோத் ஐஆர்ஏ-க்களில் 1,00,000, வரி கட்டும் புரோக்கரேஜ் கணக்கில் 3,00,000. மொத்தம் எட்டு லட்சம்.

பங்கு 70, பாண்ட் 30 என்பது நாங்கள் யோசித்து எடுத்த முடிவு. ஆனால் அதை நான் செய்த விதம் என்னவென்றால், ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியாக 70:30 வைத்திருக்கிறேன். பார்க்க ஒழுங்காக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. இந்த வருடம் 1099 படிவத்தை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தேன். புரோக்கரேஜில் இருக்கும் 90,000 டாலர் பாண்ட் ஃபண்ட் மட்டும் 4,050 டாலர் வட்டி கொடுத்திருக்கிறது, அதாவது நாலரை சதவீதம். அதில் 22 சதவீதம், 891 டாலர், வரியாகப் போய்விட்டது. அந்த வட்டியை நான் கையில் தொடக்கூட இல்லை, அப்படியே மறு முதலீடு ஆனது.

அலுவலகத்தில் ஒருவர், "பாண்டை எல்லாம் 401கே-க்குள் தள்ளு, புரோக்கரேஜில் பங்கு இன்டெக்ஸ் ஃபண்ட் மட்டும் வை" என்கிறார். அதே 90,000 பங்கு ஃபண்டில் இருந்தால் டிவிடெண்ட் ஏறக்குறைய 1.3 சதவீதம், 1,170 டாலர். அதற்கு வரி 15 சதவீதம்தான், 176 டாலர். வருடத்துக்கு 715 டாலர் மிச்சம். கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இவ்வளவு சுலபமாக இருந்தால் எல்லோரும் செய்திருப்பார்களே என்று ஒரு தயக்கம். நான் எதையாவது பார்க்காமல் விடுகிறேனா?

வடக்குவாசல்

44 வயதில் 30 சதவீதம் பாண்ட் எதற்கு? ஓய்வு பெற இன்னும் இருபது வருடம் இருக்கிறது. முழுக்கப் பங்கில் போட்டால் இந்தக் கேள்வியே எழாது. நான் 2022-இல் பாண்ட் ஃபண்டில் பட்ட அடி எனக்குத்தான் தெரியும், பங்கும் விழுந்தது, பாண்டும் கூடவே விழுந்தது. என் பேச்சைக் கேட்டால் பாண்டை விற்றுவிடுங்கள்.

மழைமேகம்

@வடக்குவாசல் நன்றி அண்ணா. ஆனால் விகிதம் எவ்வளவு என்பது என் கேள்வி இல்லை. 70:30 அப்படியே இருக்கட்டும், வீட்டில் பேசி முடித்தது. அந்த முப்பதை எந்தக் கணக்கில் வைப்பது என்பதுதான் கேள்வி.

ஓடைக்கரை

உங்கள் நண்பர் சொன்னது சரி, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். ரோத்-ஐயும் சேர்த்துப் பாருங்கள். வேகமாக வளர்வது ரோத்-இல், மெதுவாக வளர்வது 401கே-யில். இதுதான் விதி, நான் பத்து வருடமாகப் பின்பற்றுகிறேன்.

காரணம் ஆர்எம்டி. உங்கள் வயதுக்கு 75-இல் 401கே-யிலிருந்து வருடா வருடம் கட்டாயமாகப் பணம் எடுக்க ஆரம்பிக்க வேண்டும். உங்கள் 4,00,000 முழுவதும் பங்கில் இருந்து வருடம் 7 சதவீதம் வளர்ந்தால், புதிதாக ஒரு டாலர் போடாவிட்டாலும் 31 வருடத்தில் 32 லட்சத்தைத் தாண்டும். முதல் வருடம் அதை 24.6 ஆல் வகுத்து எடுக்கச் சொல்வார்கள், அதாவது 1,32,000 டாலருக்கு மேல். வேண்டுமோ வேண்டாமோ எடுத்து வரி கட்டியாக வேண்டும். அதே பணம் பாண்டில் நாலரை சதவீதம் வளர்ந்தால் 15.7 லட்சம்தான் ஆகும், ஆர்எம்டி 64,000-க்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் ரோத்-இல் பங்கு வளர்ந்து நிற்கும், அதில் ஒரு காசு வரி கிடையாது, ஆர்எம்டியும் கிடையாது. ஆகவே ரோத்-இல் இருக்கும் பாண்டை முதலில் வெளியேற்றுங்கள்.

எண்பித்தன்

ஓடைக்கரை சொல்லும் விதியை நானும் ரொம்ப நாள் நம்பினேன், பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதில் ஒரு கண்கட்டு இருக்கிறது, அதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மழைமேகம், உங்கள் 401கே-யில் 4,00,000 என்று திரையில் தெரிகிறது. ஆனால் அது முழுவதும் உங்களுடையது இல்லை. எடுக்கும்போதும் 22 சதவீதம்தான் வரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதில் 3,12,000 உங்களுடையது, 88,000 அரசாங்கத்துடையது. அரசாங்கத்தின் பாகத்தையும் நீங்களே சேர்த்து முதலீடு செய்துகொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நூறு டாலர் நாலு மடங்கு ஆனால் நானூறு. அதில் 22 சதவீதம் கொடுத்தால் கையில் 312. ஆரம்பத்தில் உங்கள் பாகம் 78, அது நாலு மடங்கானாலும் அதே 312. அதாவது உங்கள் பாகத்தின் வளர்ச்சிக்கு வரியே இல்லை, ரோத் போலவேதான் வளர்கிறது. அரசாங்கத்தின் பாகம் தனியாகக் கூடவே வளர்கிறது.

இப்போது ஓடைக்கரையின் கணக்குக்கு வருவோம். ஆர்எம்டி பாதியானது ஏன்? வரியை மிச்சப்படுத்தியதால் இல்லை, அந்தக் கணக்கில் பணமே பாதிதான் வளர்ந்தது என்பதால். சரி, ரோத்-இல் பங்கு வளர்ந்ததே என்பார். வளர்ந்தது, உண்மைதான். ஆனால் 401கே-யில் 100 டாலர் பங்கை விற்றுப் பாண்ட் வாங்கி, ரோத்-இல் 100 டாலர் பாண்டை விற்றுப் பங்கு வாங்கினால், உங்கள் கைக்கு வரப்போகும் பணத்தில் பங்கு 78-இலிருந்து 100 ஆகிறது, பாண்ட் 100-இலிருந்து 78 ஆகிறது. திரையில் 70:30 அப்படியே நிற்கும், உள்ளே நீங்கள் 70-ஐத் தாண்டிவிட்டீர்கள். கூடுதலாகக் கிடைத்த லாபம் கூடுதலாக எடுத்த ரிஸ்க்குக்கான கூலி. இடமாற்றத்தின் புண்ணியம் இல்லை. அந்த ரிஸ்க் வேண்டும் என்றால் வெளிப்படையாகவே 75:25 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே 401கே-க்கும் ரோத்-க்கும் நடுவில் எதை எங்கே வைத்தாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. உண்மையான கேள்வி, இந்த இரண்டையும் ஒரு பக்கம் வைத்து, புரோக்கரேஜை மறுபக்கம் வைத்தால் எது எங்கே என்பதுதான். அதற்கு இன்று இரவு உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டு எழுதுகிறேன்.

ஓடைக்கரை

எண்பித்தன், நீங்கள் எடுக்கும்போதும் அதே 22 சதவீதம் என்று வைத்துக்கொண்டதால்தான் இப்படி வருகிறது. வாழ்க்கை அப்படியே போகுமா? 401கே பெரிதாக வளர்ந்தால் மேலே இருக்கும் படிக்குத் தள்ளும். மெடிகேர் பிரீமியம் ஏறும், அதுவும் இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தை வைத்து. இன்னொன்றை யாரும் நினைப்பதில்லை. தம்பதியில் ஒருவர் போய்விட்டால், மற்றவர் தனிநபர் படிகளில் வரி கட்ட வேண்டும். கணக்கில் பணம் அதேதான் இருக்கும், ஆனால் படிகள் ஏறக்குறைய பாதியாகிவிடும். என் மாமியாருக்கு இதுதான் நடந்தது. மாமனார் தவறிய அடுத்த வருடமே, வருமானம் பெரிதாக மாறாமல், அவர் கட்டும் வரிச் சதவீதம் ஒரு படி ஏறிவிட்டது. அவர் கணக்கில் பங்கு வேகமாக வளர்ந்திருந்தது. பாண்டாக இருந்திருந்தால் இவ்வளவு தள்ளியிருக்காது.

எண்பித்தன்

அதை மறுக்க மாட்டேன். சதவீதம் மாறுமானால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பங்கு நன்றாக வளரும் உலகத்தில் மேல் படிக்குப் போவோம், அந்த உலகத்தில் வளர்ச்சி ரோத்-இல் இருப்பது நல்லது. ஆனால் அது கூடுதலாக எகிறும் சில சதவீதத்துக்கு மட்டுமான லாபம். "ரோத்-இல் வளர்வதற்கு வரி இல்லை, 401கே-யில் வளர்வதற்கு வரி" என்று பலர் சொல்லும் அளவுக்குப் பெரிது இல்லை. மழைமேகத்துக்கு ரோத் ஒரு லட்சம்தான் என்பதால், அதை முழுக்கப் பங்காக வைத்துக்கொண்டால் தப்பு ஒன்றும் இல்லை, திரையில் தெரியும் 70 உள்ளே கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்து வைத்தால் போதும்.

சரி, இப்போது முக்கியமான கணக்கு. புரோக்கரேஜில் 90,000 டாலர். இதற்கு ஈடாக 401கே-க்குள் வரி போக உங்கள் பாகம் 90,000 என்று எடுக்கிறேன், அதாவது 401கே திரையில் ஏறக்குறைய 1,15,400. இரண்டு வழி. முதல் வழியில் வெளியே பாண்ட், உள்ளே பங்கு. இரண்டாவது வழியில் வெளியே பங்கு, உள்ளே பாண்ட். பாண்ட் 4.5, பங்கு மொத்தம் 7, அதில் டிவிடெண்ட் 1.3. இருபது வருடம், நடுவில் கை வைக்கவில்லை, மாநில வரியையும் சேர்க்கவில்லை.

வெளியே இருக்கும் பாண்ட் வரி போக வருடம் 3.51 சதவீதம்தான் வளரும், இருபது வருடத்தில் 1,79,000 ஆகும். உள்ளே இருந்திருந்தால் 2,17,000. ஆக பாண்டை வெளியே வைத்ததன் விலை 38,000 டாலர்.

வெளியே இருக்கும் பங்கு டிவிடெண்ட் வரி போக 6.8 சதவீதம் வளர்ந்து 3,36,000 ஆகும். உள்ளே இருந்திருந்தால் 3,48,000. விலை 12,500 டாலர்தான். இது வரைக்கும் உங்கள் நண்பர் ஜெயித்துவிட்டார், 25,000 டாலர் வித்தியாசம்.

ஆனால் அந்த 3,36,000-ஐ விற்காமல் செலவழிக்க முடியாது. வாங்கிய விலையும் மறு முதலீடு ஆன டிவிடெண்டும் சேர்ந்து 1,30,000 போகும். மீதி 2,06,000 லாபம், அதற்கு 15 சதவீதம் வரி 31,000. அதைக் கழித்தால் கையில் 3,05,000. இப்போது பங்கை வெளியே வைத்ததன் விலை 43,000 டாலர். பாண்டை வெளியே வைத்த விலையைவிட இது அதிகம்!

கூட்டிப் பார்த்தால் முதல் வழியில் 5,28,000. இரண்டாவது வழியில், இருபதாவது வருடம் எல்லாவற்றையும் 15 சதவீதத்தில் விற்றால் 5,22,000. விற்பனை வரியே வராமல் பார்த்துக்கொண்டால் 5,53,000. இந்தக் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், முதல் தடவை எனக்கே நம்பிக்கை வரவில்லை.

வருடா வருடம் 715 டாலர் மிச்சம் என்று நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் வரி. பங்கு லாபத்தின் மேல் சத்தமில்லாமல் சேரும் வரி எந்த 1099-இலும் வராது, விற்கும் வருடம்தான் வரும்.

மழைமேகம்

இதை எதிர்பார்க்கவே இல்லை. அப்படியானால் பாண்ட் உள்ளே, பங்கு வெளியே என்பது விதியே இல்லையா? விற்பனை வரி வராமல் பார்த்துக்கொள்வது என்றால் எப்படி, சாகும் வரை விற்காமல் இருப்பதா?

எண்பித்தன்

சாகும் வரை வைத்திருந்தால் வாரிசுகளுக்கு அன்றைய சந்தை விலையே வாங்கிய விலையாகக் கருதப்படும், பழைய லாபத்துக்கு வரி இல்லை. இன்றைய சட்டம் அது. ஆனால் அது ஒன்றுதான் வழி என்று இல்லை. தானதர்மம் செய்பவர்கள் ரொக்கத்துக்குப் பதிலாக அதிகம் லாபம் ஏறிய யூனிட்களையே கொடுக்கலாம். அதைவிடச் சாதாரணமான வழி, ஓய்வு பெற்ற பிறகு வரும் வருடங்கள். 2025-க்கு, தம்பதியாக வரி போடுபவர்களின் வரிக்குரிய வருமானம் 96,700 டாலருக்குள் இருந்தால் நீண்டகால லாபத்துக்கு ஃபெடரல் வரி பூஜ்யம். சம்பளம் நின்று, ஆர்எம்டி இன்னும் ஆரம்பிக்காத வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றால், 31,000 டாலர் வரியில் பெரும்பகுதி காணாமல் போகும். 62-இல் வேலையை விட்டால் 75 வரை பதின்மூன்று வருடம் கிடைக்கிறது. ஆனால் அதே வருடங்களில்தான் எல்லோரும் 401கே-யிலிருந்து ரோத்-க்கு மாற்றவும் ஆசைப்படுவார்கள், இரண்டும் அதே இடத்துக்குப் போட்டியிடும். மாற்றும் தொகை வருமானமாகக் கூடிவிடும், பூஜ்யப் படி நிரம்பிவிடும்.

ஆகவே உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இந்தப் புரோக்கரேஜ் பணம் எதற்கு? இருபது வருடத்துக்குள் பெரிய தொகையாக, வேலையில் இருக்கும்போதே விற்கப்போகிறீர்களா, அல்லது ஓய்வுக்குப் பிறகு மெல்ல மெல்லவா?

நிலாச்சோறு

இந்த இடமாற்றத்தை நான் செய்திருக்கிறேன், அதில் ஒரு தப்பும் செய்தேன். வேறு யாரும் செய்யக்கூடாது என்று எழுதுகிறேன்.

2022 கடைசியில் என் புரோக்கரேஜில் இருந்த பாண்ட் ஃபண்ட் நல்ல நஷ்டத்தில் இருந்தது. சரி, நஷ்டத்தைப் பதிவு செய்துவிட்டு இடத்தையும் மாற்றிவிடலாம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். திங்கட்கிழமை புரோக்கரேஜில் விற்றேன், நஷ்டம் 6,200 டாலர். செவ்வாய்க்கிழமை ரோலோவர் ஐஆர்ஏ-வில் அதே ஃபண்டை, அதே குறியீட்டை வாங்கினேன். புரோக்கர் அனுப்பிய 1099-பி படிவத்தில் நஷ்டம் முழுதாக இருந்தது, எந்தக் குறியும் இல்லை. நானும் அப்படியே போட்டுவிட்டேன்.

மார்ச்சில் வரி பார்க்கும் அம்மாதான் கேட்டார், "இதே ஃபண்ட் வேறு எங்காவது வாங்கினாயா?" என்று. 30 நாளுக்குள், முன்னால் ஆனாலும் பின்னால் ஆனாலும், அதையே வாங்கினால் அந்த நஷ்டம் செல்லாது. சாதாரணமாக அந்த நஷ்டம் புதிதாக வாங்கியதன் விலையில் ஏறிக்கொள்ளும், பிறகாவது பயன்படும். ஐஆர்ஏ-வுக்குள் வாங்கினால் அதுவும் கிடையாது. 2008-இல் ஐஆர்எஸ் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டது. 6,200 டாலர் நஷ்டம் காற்றில் போனது. படிவத்தைத் திருத்தி அனுப்பினோம். இரண்டு கணக்கும் வேறு வேறு நிறுவனத்தில் இருந்ததால் அவர்களுக்குத் தெரிய வழி இல்லை, பார்க்க வேண்டியது நாம்தான்.

மழைமேகம், நஷ்டத்தில் இருப்பதை விற்றால் உள்ளே அதையே வாங்காதீர்கள், வேறு இன்டெக்ஸைப் பின்பற்றும் ஃபண்டாகப் பார்த்து வாங்குங்கள். டிவிடெண்ட் தானாக மறு முதலீடு ஆவதையும் இரண்டு பக்கமும் ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். மாதா மாதம் தானாக உள்ளே வரும் ஐம்பது டாலர் யூனிட்கூட அந்த அளவுக்கு நஷ்டத்தைத் தின்னும். 401கே பற்றி அந்த அறிவிப்பில் நேரடியாகச் சொல்லவில்லை, ஆனால் என் ஆள் அதற்கும் இதே விதி என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

வடக்குவாசல்

எனக்கு ஒன்று புரியவில்லை. பாண்ட் எதற்கு? அவசரத்துக்கு. அந்த அவசரப் பணத்தையே 59½ வயது வரை பூட்டிய பெட்டிக்குள் வைத்தால் என்ன பிரயோஜனம்? சந்தை விழுந்த நேரத்தில் வேலை போனால், வெளியே இருப்பது பங்கு மட்டும். அடிமட்ட விலையில் விற்க வேண்டும். பாண்டைத் தொட்டால் வரியோடு 10 சதவீத அபராதம். இதற்கு வருடம் 891 டாலர் வரி கட்டிவிட்டுப் போகலாம்.

எண்பித்தன்

நல்ல கேள்வி, இந்தப் பயம்தான் பலரைத் தடுக்கிறது. ஆனால் பாண்டை வெளியே எடுக்கவே வேண்டியதில்லை. உதாரணமாக 40,000 டாலர் தேவை, சந்தை விழுந்து கிடக்கிறது. புரோக்கரேஜில் 40,000-க்குப் பங்கு ஃபண்டை விற்றுப் பணத்தை எடுக்கிறீர்கள். அதே நாள் 401கே-க்குள் 40,000 பாண்டைப் பங்கு ஃபண்டாக மாற்றுகிறீர்கள். உள்ளே மாற்றுவதற்கு வரியும் கிடையாது, அபராதமும் கிடையாது. முடிவில் திரையில் பார்த்தால் உங்களிடம் பங்கு எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இருக்கிறது, பாண்ட் 40,000 குறைந்திருக்கிறது. அடிமட்ட விலையில் விற்றதை அதே அடிமட்ட விலையில் வாங்கியாகிவிட்டது. பாண்டை விற்றதுபோலத்தான்.

இதில் மூன்று இடம் இடிக்கும். பங்கு லாபத்தில் இருந்தால் விற்கும்போது வரி வரும், பாண்டை விற்றிருந்தால் அனேகமாக வராது. 40,000-இல் 10,000 லாபம் என்றால் 1,500 டாலர். பங்கு நஷ்டத்தில் இருந்தால் நிலாச்சோறு சொன்ன அதே வலையில் விழலாம், வெளியே விற்ற இன்டெக்ஸையே உள்ளே வாங்கக்கூடாது. மூன்றாவது, 401கே-யில் மாற்றுவது அந்தத் திட்டத்தின் விதிப்படி. சில திட்டங்கள் ஒரு ஃபண்டிலிருந்து வெளியே வந்தால் கொஞ்ச நாள் திரும்ப விடாது.

அதனால் ஆறு மாதச் செலவு, இரண்டு மூன்று வருடத்துக்குள் வீட்டுக்கோ படிப்புக்கோ கட்ட வேண்டிய தொகை, இவை எப்படியானாலும் வெளியேதான், பாண்ட் ஃபண்டில்கூட இல்லாமல் கருவூலப் பத்திரத்திலோ மணி மார்க்கெட்டிலோ இருக்கட்டும். கருவூலப் பத்திர வட்டிக்கு மாநில வரி இல்லை, மாநில வரி அதிகம் இருக்கும் இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை. நாம் பேசுவது அதற்கு மேலே இருக்கும் பணத்தைப் பற்றி.

வடக்குவாசல்

உள்ளே மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தில், வேலை போன பதற்றத்தில், விழுந்த பங்கை விற்க எத்தனை பேருக்குக் கை வரும்? காகிதத்தில் சுலபம். எனக்கு வராது.

நிலாச்சோறு

@வடக்குவாசல் அது நியாயம்தான். எனக்கும் அந்த வாரம் கை நடுங்கியிருக்கும். உள்ளே மாற்றுவதை முதலில் செய்துவிட்டு, அப்புறம் வெளியே விற்றால் மனதுக்குக் கொஞ்சம் சுலபம் என்று தோன்றுகிறது.

எண்பித்தன்

இன்னொன்று விட்டுப்போனது. மேலே போட்ட கணக்கு முழுவதும் பாண்ட் நாலரை சதவீதம் கொடுப்பதால் வந்தது. 2 சதவீதம் கொடுக்கும் காலமாக இருந்தால்? வெளியே வைத்ததன் விலை இருபது வருடத்தில் 11,000 டாலர்தான். பங்கை விற்காமலே வைத்திருந்தாலும் அதன் விலை 12,500 என்று பார்த்தோம். அதாவது வட்டி இரண்டு சதவீதத்துக்குப் போனால் நண்பரின் விதி தலைகீழாகிவிடும், பாண்ட் வெளியே இருப்பதே மேல். 2020-இல் பத்து வருடக் கருவூலப் பத்திரமே வருடத்தின் பெரும்பகுதி 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. அப்போது இந்த இடமாற்றத்தைச் செய்தவர்கள் மிச்சப்படுத்தியது ஒன்றுமில்லை. அதற்காக வட்டி ஏறும்போதெல்லாம் உள்ளே, இறங்கும்போதெல்லாம் வெளியே என்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது, வெளியே பங்கு லாபத்தில் ஏறிவிட்டால் அதை விற்று மாற்ற வரி தடுக்கும். பாண்டிலிருந்து பங்குக்குப் போவது சுலபம், திரும்பி வருவது கஷ்டம்.

உங்கள் வரிப் படி 35 சதவீதமாக இருந்தால் முழுக் கணக்கும் வேறு, அவர்கள் வெளியே நகராட்சிப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். அதற்குள் இப்போது போகவில்லை.

மழைமேகம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மனைவியோடு உட்கார்ந்து புரோக்கரேஜ் பணத்தைப் பிரித்தோம். 3,00,000-இல் 60,000 மகளின் கல்லூரிக்கு, நாலு வருடத்தில் ஆரம்பிக்கும். அதைப் பாண்டாகவே வெளியே விட்டுவிட்டு, முதிர்வுத் தேதி பொருந்தும் கருவூலப் பத்திரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தப்போகிறோம். மீதி 30,000 பாண்டை மட்டும் உள்ளே தள்ளுகிறோம். ஓய்வுக்கு முன்னால் அந்தப் பணத்தைத் தொடும் எண்ணம் இல்லை, அதனால் பங்கை வெளியே மெல்ல விற்கும் வழிக்கு அது சரிப்படும் என்று நினைக்கிறேன்.

வாங்கிய லாட்களை எடுத்துப் பார்த்தேன். 30,000-இல் 21,000 டாலர் பாண்ட் 2021-இல் வாங்கியது, நஷ்டத்தில் இருக்கிறது. 401கே-யில் இருப்பதும் அதே இன்டெக்ஸைப் பின்பற்றும் பாண்ட் ஃபண்ட்தான். நிலாச்சோறு எழுதியிருக்காவிட்டால் நானும் அதையே செய்திருப்பேன். 401கே-யில் ஸ்டேபிள் வேல்யூ ஃபண்ட் ஒன்று இருக்கிறது, அதில் போடுகிறேன். சம்பளத்தில் பிடிக்கும் 401கே தொகையிலும் பாண்ட் ஃபண்டுக்குப் போவதை இரண்டு மாதம் நிறுத்திவிட்டேன்.

ரோத்-ஐ முழுக்கப் பங்கு ஆக்குவதா என்பதில் இன்னும் முடிவு எடுக்கவில்லை. எண்பித்தன் சொல்வது புரிகிறது, ஓடைக்கரையின் மாமியார் கதையும் மனதை விட்டுப் போகவில்லை.

ஓடைக்கரை

தம்பி, 401கே கணக்கை உங்கள் இருவரில் ஒருவர் இல்லாத வருடத்துக்கும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். தனிநபர் படியில், ஆர்எம்டி 1,32,000 எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று. எண்பித்தனும் போட்டுப் பார்த்தால் நல்லது. அவர் 22 என்று வைத்தது அங்கே நிற்காது என்பது என் எண்ணம்.

எண்பித்தன்

போடுகிறேன். ஆனால் 31 வருடம் கழித்து வரும் 1,32,000-ஐ இன்றைய படிகளோடு நேராக ஒப்பிடக்கூடாது, படிகளும் விலைவாசியோடு ஏறும். அதையும் சேர்த்துப் போட்டால் உங்கள் பக்கம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்போம், ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுகிறேன்.